பேச்சிலிருந்து கருப்பொருளுக்கு: நேர்காணல் எழுத்துப்படி ஆய்வு முடிவாகும் விதம்

பண்புசார் ஆய்வில் நேர்காணல்கள் முடிந்ததும் ஆய்வாளரின் கையில் இருப்பது பக்கம் பக்கமான பேச்சு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கினால் 20 பக்கம் வரை வரும். 15 பேரிடம் பேசியிருந்தால் ஏறத்தாழ 300 பக்கம். ஆய்வேட்டில் 'கண்டறிதல்கள்' என்ற பகுதிக்குக் கிடைப்பதோ பத்துப் பதினைந்து பக்கம். ஆய்விதழ்க் கட்டுரை என்றால் அதைவிடக் குறைவு. அந்த 300 பக்கத்தைச் சுருக்கி எழுதினால் கண்டறிதல் வந்துவிடாது. மக்கள் சொன்னதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயரிட்டு, அந்தப் பெயர்களுக்கிடையே உள்ள உறவைக் கண்டு, கடைசியில் ஒரு கூற்றாக முன்வைக்க வேண்டும். பெயரிடும் வேலைக்குக் குறியிடுதல் என்று பெயர். பெயர்கள் சேர்ந்து உருவாக்கும் பொருள் கருப்பொருள் எனப்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் பேச்சுவழக்கில் இவற்றைக் கோடிங், தீம் என்றே சொல்வார்கள்.

1960களில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் அன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து, களத்தில் கிடைத்த பேச்சையும் குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கோட்பாட்டை அடியிலிருந்து எழுப்பும் முறையை 1967இல் நூலாக வெளியிட்டார்கள். குறியிடுதல் ஒழுங்கான ஆய்வு முறையாக நிலைபெற்றதில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று செவிலியம், சமூகப்பணி, கல்வி, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் அதிகம் பின்பற்றப்படுவது வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் என்ற உளவியலாளர்கள் 2006இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வு. எழுத்துப்படியோடு பழகுதல், குறியிடுதல், கருப்பொருள்களைத் தேடுதல், அவற்றைச் சரிபார்த்தல், வரையறுத்துப் பெயரிடுதல், எழுதுதல் என்று ஆறு கட்டங்களை அவர்கள் வகுத்தார்கள். ஆறும் வரிசையாக முடிந்துவிடுவதில்லை. நான்காம் கட்டத்தில் நிற்கும் ஆய்வாளர் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பிப் போவது வழக்கமானது, தேவையானதும்கூட.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். காசநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள் என்பது அதன் கேள்வி. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு இந்தியாவில் வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. இருமலும் காய்ச்சலும் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். கிருமி ஒழிய முழுக் காலமும் தேவை. இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கீழே வரும் நேர்காணல் பகுதிகள் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை. யாருடைய உண்மைப் பேச்சும் அல்ல. 15 பேரிடம் நேர்காணல் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ப1, ப2 என்று பங்கேற்பாளர் எண் தரப்பட்டிருக்கிறது.

எழுத்துப்படி

ஒலிப்பதிவை எழுத்தில் இறக்குபவர் பேச்சைப் பேச்சாகவே எழுத வேண்டும். "நின்னுடுச்சு" என்றதை "நின்றுவிட்டது" என்று திருத்துவதும், பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்துவைப்பதும், ஒரே சொல்லை மூன்று முறை சொன்னதை ஒன்றாக்குவதும் எழுதுபவருக்கு இயல்பாகவே கைவரும். அங்கேயே பொருள் கசியத் தொடங்கிவிடுகிறது. சிரிப்பு, நீண்ட மௌனம், குரல் தாழ்தல் ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். வரிகளுக்கு எண் இட வேண்டும். கண்டறிதலில் எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியமும் பின்னாளில் ஏதோ ஒரு வரி எண்ணைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். ஒரு மணி நேரப் பதிவை இப்படி எழுத, பழக்கமானவருக்கே நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பெயர்களும் ஊர்களும் இந்தக் கட்டத்திலேயே நீக்கப்படுகின்றன. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்படுகிறது.

தமிழில் நடந்த நேர்காணலை ஆங்கிலத்தில் எழுதப்போகும் ஆய்வாளர்கள் பலர், முழு எழுத்துப்படியையும் முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு குறியிடுகிறார்கள். நேரம் மிச்சமாவது போலத் தோன்றினாலும், குறியிடப்படுவது பங்கேற்பாளரின் பேச்சு அல்ல, மொழிபெயர்ப்பாளரின் நடை என்றாகிவிடும். தமிழ் மூலத்திலேயே குறியிட்டு, கட்டுரைக்குத் தேவைப்படும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்ப்பதே நல்லது.

குறியிடத் தொடங்குமுன் எழுத்துப்படி முழுவதையும் ஒரு முறையாவது, முடிந்தால் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே, வாசிக்க வேண்டும். அப்போது தோன்றுவதை ஓரத்திலோ தனி ஏட்டிலோ குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகளுக்கு முடிவு என்ற மதிப்பு கிடையாது; எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை நினைவூட்டுபவை, அவ்வளவே.

எட்டு வரிகளும் அவற்றின் குறியீடுகளும்

ப7 கட்டட வேலை செய்பவர். மாத்திரையை நிறுத்தியவர். அவரது எழுத்துப்படியில் ஒரு பகுதி:

1 ஆய்வாளர்: மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?

2 ப7: மூணாவது மாசம்னு நெனைக்கிறேன். இருமல் சுத்தமா நின்னுடுச்சுங்க. சோறு நல்லா எறங்குது.

3 சாரத்து மேல ஏறி முழு நாளும் வேலை பாக்குறேன். அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு தோணுச்சு.

4 ஆய்வாளர்: வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?

5 ப7: அவ கேட்டா. மாத்திரை முழுங்குனாதான் நான் சீக்காளி, விட்டா எல்லார மாதிரிதான்னேன். (சிரிக்கிறார்)

6 காலையில வெறும் வயித்துல போட்டா கொமட்டுது. அதனால டப்பாவ வேலைக்கே எடுத்துட்டுப் போயி, டீ குடிச்சிட்டுப் போடுவேன்.

7 ஒருநாள் மேஸ்திரி பாத்துட்டாரு. என்ன மாத்திரைன்னாரு. சளிக்குன்னு சொன்னேன். (4 நொடி மௌனம்)

8 மறுநாள் மேல ஏத்தல. கீழ கல்லு எடுத்துக் குடுன்னுட்டாரு. கூலி கொறஞ்சுபோச்சு. அன்னையிலேருந்து எடுக்கல.

இந்தப் பகுதிக்குப் புதிதாகக் குறியிடுபவர் பெரும்பாலும் எழுதுவது இப்படி இருக்கும்: வரி 2, 3க்கு 'நலமடைதல்', வரி 5க்கு 'குடும்பம்', வரி 6க்கு 'பக்கவிளைவு', வரி 7, 8க்கு 'வேலை'. எதுவும் தவறில்லை. ஆனால் எழுத்துப்படியை மூடிவைத்துவிட்டு இந்த நான்கு சொற்களை மட்டும் பார்த்தால் ப7 என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. குடும்பம் என்ற சொல் ஆதரவாக இருந்த குடும்பத்துக்கும் பொருந்தும், விரட்டிவிட்ட குடும்பத்துக்கும் பொருந்தும். இப்படித் துறையின் பெயரைத் தாங்கி நிற்கும் குறியீடுகளை 300 பக்கத்துக்கும் இட்டு முடித்தால், கையில் மிஞ்சுவது நேர்காணல் வினாநிரலின் தலைப்புகள்தான்.

குறியீட்டைச் சோதிக்க எளிய வழி இதுதான்: எழுத்துப்படி இல்லாமல் குறியீட்டை மட்டும் படித்தால், அந்த வரியில் நடந்தது விளங்க வேண்டும். அதற்கு ஒரு செயலையோ ஒரு நிலைப்பாட்டையோ குறியீடு தாங்கியிருக்க வேண்டும். வரி 2க்கு 'இருமல் நின்றதை நோய் தீர்ந்ததாகக் கொள்ளுதல்'. வரி 3க்கு 'சாரம் ஏற முடிவதை நலத்துக்குச் சான்றாகக் காட்டுதல்'. வரி 5இல் பங்கேற்பாளர் சொன்னதைவிடச் செறிவாக ஆய்வாளரால் சொல்ல முடியாது. ஆகவே 'மாத்திரை முழுங்குனாதான் நான் சீக்காளி' என்ற அவரது சொற்களே குறியீடாகின்றன. வரி 7க்கு 'நோயின் பெயரை மாற்றிச் சொல்லுதல்'. வரி 8க்கு 'மாத்திரை வெளிப்பட்டதையும் கூலிக் குறைவையும் இணைத்துப் பேசுதல்'.

கடைசிக் குறியீட்டில் உள்ள நிதானம் கவனிக்கத்தக்கது. மேஸ்திரி மாத்திரையைப் பார்த்ததால்தான் அவரைக் கீழே நிறுத்தினாரா என்பது எழுத்துப்படியிலிருந்து தெரியாது. அன்று மேலே வேலை இல்லாமல்கூட இருந்திருக்கலாம். தெரிவது, ப7 அந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறார், இணைத்தே புரிந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டுமே. அந்தப் புரிதல்தான் அவரை மாத்திரையை விட வைத்தது என்பதால் ஆய்வுக்கு அதுவே போதும். 'மாத்திரையால் கூலி இழத்தல்' என்று குறியிட்டிருந்தால், நேர்காணலால் நிறுவ முடியாத ஒன்றை ஆய்வாளர் உண்மையாக்கியிருப்பார்.

வரி 6ஐ 'பக்கவிளைவு' என்று விட்டுவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. குமட்டலால் ப7 மாத்திரையை நிறுத்தவில்லை. குமட்டலால் மாத்திரை போடும் இடம் வீட்டிலிருந்து வேலைத்தளத்துக்கு மாறியது. அங்கே அது அடுத்தவர் கண்ணில் பட்டது. 'குமட்டலைத் தவிர்க்க மாத்திரையை வேலையிடத்துக்கு மாற்றுதல்' என்று குறியிட்டால் இந்தச் சங்கிலி அறுபடாமல் நிற்கும். பக்கவிளைவால் நிறுத்தியவர்களின் கணக்கில் ப7ஐச் சேர்ப்பது பிழை. பக்கவிளைவுக்குத் தொடர்பே இல்லை என்பதும் பிழை.

இன்னொன்று: நிறுத்தியதற்குக் காரணமாக வரி 3இல் அவர் முதலில் சொன்னது உடல் தேறியதை. "அன்னையிலேருந்து எடுக்கல" என்று வரி 8இல் சொன்னது மேஸ்திரி கீழே நிறுத்திய நாளை. ஒரு கருத்துக்கணிப்புப் படிவமாக இருந்தால் முதல் பதிலோடு கட்டம் நிரம்பியிருக்கும். எழுத்துப்படியில் இரண்டும் இருப்பதால் ஆய்வாளர் இரண்டையும் தனித்தனியாகக் குறியிட்டு, 'சொன்ன காரணமும் நிறுத்திய தருணமும் வேறு. மற்றவர்களிடமும் பார்க்க' என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கிறார். பின்னால் கருப்பொருள் பிறப்பது பெரும்பாலும் இத்தகைய குறிப்புகளிலிருந்துதான்.

முதல் மூன்று, நான்கு எழுத்துப்படிகளில் குறியீடுகள் வேகமாகப் பெருகும். நூறைத் தாண்டினாலும் வியப்பில்லை. பிறகு ஒரே பொருளுள்ளவை இணைக்கப்படும், இரண்டு பொருளைச் சுமப்பவை பிரிக்கப்படும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வரி விளக்கமும், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற வரம்பும் எழுதிய ஏடு ஒன்று இருந்தால் பத்தாவது எழுத்துப்படியிலும் முதல் எழுத்துப்படியிலும் குறியீடு ஒரே பொருளில் இருக்கும். எட்டாவது நேர்காணலில் புதிய குறியீடு பிறந்தால், முதல் ஏழையும் அந்தக் கண்ணோடு மறுபடி வாசிக்க வேண்டும். இதைத் தவிர்க்கும் ஆய்வுகளில், முதலில் வாசித்த எழுத்துப்படிகள் மெலிதாகவும் கடைசியில் வாசித்தவை அடர்த்தியாகவும் குறியிடப்பட்டிருக்கும். என்விவோ, அட்லஸ் டிஐ போன்ற மென்பொருள்கள் குறியிட்ட பகுதிகளைச் சேமித்து, கேட்டபோது ஒன்றுதிரட்டித் தரும். அச்செடுத்த தாளும் வண்ணப் பேனாவும் அல்லது ஓர் எக்செல் தாளும் 15 நேர்காணலுக்குப் போதும்.

இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்க வேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடில்லை. குறியீடுகளை முன்கூட்டியே நிலைநிறுத்திக்கொண்டு நடத்தும் ஆய்வுகளில் கோஹனின் கப்பா போன்ற அளவையால் ஒப்புமையை எண்ணாகத் தருகிறார்கள். பிரவுனும் கிளார்க்கும் தங்கள் முறைக்கு அது பொருந்தாது என்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பொருள் காண்பது ஆய்வாளரின் வாசிப்பு. இருவர் ஒரே சொல்லை எழுதியதாலேயே அது சரியாகிவிடாது. இரண்டில் எந்த வழியில் போனாலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரவுன்–கிளார்க் முறையைப் பின்பற்றியதாக எழுதிவிட்டு அடுத்த வரியில் கப்பா மதிப்பைத் தரும் ஆய்வேடுகள், இரண்டையும் படிக்காமல் எழுதப்பட்டவை என்றே தோன்றும்.

தலைப்பும் கருப்பொருளும்

குறியிட்டு முடித்தவுடன் குறியீடுகளைத் தொகுத்துப் பெட்டிகளில் போடும் ஆசை எழும். மாத்திரை தொடர்பானவை ஒரு பெட்டி, குடும்பம் ஒரு பெட்டி, மருத்துவமனை ஒரு பெட்டி, வேலை ஒரு பெட்டி. ஆய்வேடுகளில் மிகப் பரவலான தவறு இங்கேதான் நிகழ்கிறது. 'குடும்பம்' என்ற பெட்டிக்குள் இருப்பது குடும்பத்தைப் பற்றி எல்லாரும் சொன்ன எல்லாமும். அது தலைப்பு. கருப்பொருளாக வேண்டுமென்றால் அந்தப் பேச்சுகளுக்கு அடியில் ஓடும் ஒரே கருத்தைச் சொல்ல வேண்டும்; அதை மறுக்கவோ ஏற்கவோ வாசகரால் முடிய வேண்டும். 'குடும்பம்' என்பதை யாராலும் மறுக்க முடியாது. 'நலமானவரை நோயாளி என்று காட்டிக்கொடுக்கிறது மாத்திரை' என்பதை மறுக்கலாம், சான்று கேட்கலாம், எதிர்மாறான பேச்சைக் காட்டலாம்.

அந்தக் கருப்பொருள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். 'மாத்திரை முழுங்குனாதான் நான் சீக்காளி' என்ற குறியீட்டின் கீழ் ப7 மட்டும் இல்லை. வீடுகளில் சமையல் வேலை செய்யும் ப3 சொன்னது: "பையில வைக்க மாட்டேன், முந்தானையில முடிஞ்சுக்குவேன். சமைக்கப் போற வீட்டுல பாத்தா நாளையிலேருந்து வராதேன்னுடுவாங்க." இவரிடம் இருமல் இல்லை, வேலையும் குறைவில்லாமல் நடக்கிறது. நோயின் அடையாளமாக வெளியே தெரியக்கூடியது மாத்திரை மட்டும்தான். இந்த இருவரின் வரிகளையும் 'நோயின் பெயரை மாற்றிச் சொல்லுதல்', 'மாத்திரையை ஒளித்துவைத்தல்', 'சிவப்பாகப் போகும் சிறுநீரைக் கண்டு கூச்சப்படுதல்' ஆகிய குறியீடுகளின் வரிகளோடு அருகருகே வைத்து வாசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு, சிவப்பு நிறமாக்கும், கேடில்லாத மாற்றம். ஆனால் பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருப்பவருக்கு அதுவும் அடுத்தவர் கண்ணில் படும் ஓர் அடையாளம். நோய் மறைந்துகொண்டே வர, மருந்து அதை வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்று வெவ்வேறு பெட்டிகளில், 'பக்கவிளைவு', 'வேலை', 'களங்கம்' என்று சிதறியிருக்க வேண்டிய குறியீடுகள் இப்போது ஒரே கருத்தின் கீழ் வந்து சேர்கின்றன.

இங்கேயே மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. கருப்பொருள் என்று ஒன்றைக் கருதியதும் அதற்கு எதிரான பேச்சைத் தேடிப் போக வேண்டும். முதலில் ஆய்வாளர் இட்ட பெயர் 'பிறர் கண்ணில் படும் மாத்திரை' என்று வைத்துக்கொள்வோம். பிறர் பார்த்தால் நிறுத்திவிடுகிறார்கள் என்பது அதன் உட்பொருள். ஆனால் ஆட்டோ ஓட்டுநரான ப9 சொல்கிறார்: "ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். நான் மறந்தாலும், என்னப்பா போட்டியான்னு கேப்பானுங்க." இவருடைய மாத்திரையை எல்லாரும் பார்க்கிறார்கள், இவர் ஆறு மாதமும் முடித்தவர். தனியாக வசிக்கும் ப14இன் மாத்திரையை யாரும் பார்க்கவே இல்லை. ஆனாலும் மூன்றாம் மாதம் நிறுத்தினார், "நல்லா நடக்குறேன், ஓடுறேன், போதும்" என்று.

இந்த இருவரையும் விதிவிலக்கு என்று ஓரங்கட்டினால் ஆய்வு பலவீனமாகும். இருவரையும் உள்ளே கொண்டுவந்தால் கருப்பொருள் கூர்மையாகும். ப9 காட்டுவது, பார்க்கப்படுவதே தீங்கல்ல என்பதை. பார்ப்பவர் கூலியை முடிவு செய்பவரா, கூட நிற்பவரா என்பதே வேறுபாடு. ஆட்டோ ஓட்டுநரின் வருமானம் ஸ்டாண்டில் உள்ள நண்பர்கள் கையில் இல்லை; ப7இன் கூலி மேஸ்திரி கையில் இருக்கிறது. ப14 காட்டுவது, 'உழைக்க முடிகிறது, ஆகவே நலம்' என்ற எண்ணம் அடுத்தவர் பார்வையின் உதவியில்லாமலே மாத்திரையை நிறுத்த வைக்கும் என்பதை. ஆகவே ஒரே கருப்பொருளாகத் தோன்றியது இரண்டு கிளைகளாகப் பிரிகிறது: 'உழைக்க முடிவதே நலத்துக்குச் சான்று', 'கூலி தருபவர் பார்க்கும் மாத்திரை'. பெயரும் மாறுகிறது. இந்தத் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி 15 எழுத்துப்படிகளையும் வாசித்து, புதிய வடிவம் எல்லாவற்றுக்கும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வேடுகளில் விட்டுப்போவது இந்தக் கடைசி வாசிப்பு.

எத்தனை நேர்காணல் போதும் என்ற கேள்வி இந்தக் கட்டத்தில்தான் உண்மையாகவே எழும். கிரெக் கெஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் நடத்திய 60 நேர்காணல்களை 2006இல் திரும்பிப் பார்த்து, பெரும்பாலான குறியீடுகள் முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டதாகக் கண்டார்கள். அன்றிலிருந்து 12 என்ற எண் ஒரு விதிபோல மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே தன்மையுள்ள குழுவினர், கேள்விகளும் வரையறுக்கப்பட்டவை. கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர், ஓட்டுநர், தனியாக வசிப்பவர் என்று பலதரப்பட்டவர்களைப் பேசவைக்கும் ஆய்வுக்கு அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது.

எழுதும் முறை

கண்டறிதல் பகுதி எப்படிச் சரிகிறது என்பதை முதலில் பார்க்கலாம்: "பங்கேற்பாளர்களில் சிலர் நலமடைந்ததால் மாத்திரையை நிறுத்தினர். சிலருக்குப் பக்கவிளைவுகள் இருந்தன. சமூகக் களங்கமும் ஒரு காரணமாக இருந்தது." இதைத் தொடர்ந்து நான்கு மேற்கோள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேற்கோளுக்கு முன் எழுதியதையே மேற்கோள் மறுபடி சொல்லும். ஆய்வாளர் என்ன கண்டார் என்பதை வாசகரே மேற்கோள்களைப் படித்து ஊகிக்க வேண்டும். 300 பக்கத்தையும் படித்தவர் ஆய்வாளர் ஒருவர்தான். அவர் சொல்ல வேண்டியதை வாசகர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

அதே சான்றுகளைக் கொண்டு எழுதப்பட்ட இன்னொரு பத்தி இப்படி அமையும்:

"நிறுத்தியவர்கள் தங்கள் நலத்தை அளந்தது வேலையைக் கொண்டு. இருமல் நின்றதைவிட, முழு நாள் வேலை பார்க்க முடிந்ததையே நோய் தீர்ந்ததற்குச் சான்றாக அவர்கள் முன்வைத்தார்கள். அந்த நிலையில் மாத்திரை, தீர்ந்துபோன நோயை மறுபடி நினைவூட்டும் பொருளாகிறது: 'மாத்திரை முழுங்குனாதான் நான் சீக்காளி, விட்டா எல்லார மாதிரிதான்' (ப7, கட்டட வேலை). கூலி தருபவரின் கண்ணில் அது படும்போது இந்த எண்ணம் நிறுத்தும் முடிவாக மாறியது. ப7 மாத்திரையை விட்ட நாளாகக் குறிப்பிடுவது, மேஸ்திரி மாத்திரை டப்பாவைப் பார்த்த மறுநாள் தன்னைச் சாரத்தில் ஏற்றாமல் விட்டதாக அவர் நம்பும் நாளை. வீட்டு வேலை செய்யும் ப3 அத்தகைய நாள் வந்துவிடக் கூடாது என்று மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்தார். பார்க்கப்படுவது எல்லாருக்கும் அச்சமாக இல்லை. சக ஓட்டுநர்கள் அனைவரும் அறிய மாத்திரை போட்ட ப9க்கு அவர்களே நினைவூட்டுபவர்களாக இருந்தார்கள். அவரது வருமானம் அவர்கள் முடிவில் இல்லை."

இந்தப் பத்தியில் மேற்கோள் ஒன்றுதான் முழுதாக வருகிறது. மற்றவை ஆய்வாளரின் வாக்கியத்துக்குள் கரைந்திருக்கின்றன, எண்ணோடு. ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் ஒரு வரி இருக்கிறது. 'நம்பும் நாள்' என்ற சொல், குறியிடும்போது கடைப்பிடித்த நிதானத்தைக் கண்டறிதல் வரை கொண்டுவருகிறது. எதிரான பேச்சு அடிக்குறிப்பில் ஒதுங்காமல் வாதத்தின் பகுதியாகவே நிற்கிறது.

எண்ணிக்கை பற்றி ஒரு சொல். 15 பேரில் 3 பேர் சொன்னதை 20 விழுக்காடு என்று எழுதினால், காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவர் இப்படி என்று வாசகர் படிப்பார். பங்கேற்பாளர்கள் பல வகையினரும் வர வேண்டும் என்று தேடிச் சேர்க்கப்பட்டவர்கள். மக்கள்தொகையின் மாதிரி அல்ல. ஒரு கருத்து எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்பதைக் காட்ட 'பெரும்பாலோர்', 'சிலர்', 'ஒருவர் மட்டும்' என்று எழுதலாம், அந்தச் சொற்களை ஒரே அளவில் கடைசி வரை பயன்படுத்தினால். ஒரே ஒருவர் சொன்னது கருப்பொருளைத் திருப்பிப்போடும் அளவு முக்கியமாக இருக்கலாம் என்பதையும் ப9 காட்டுகிறார்.

மேற்கோள் தேர்வில் ஓர் ஆபத்து உண்டு. நேர்காணலில் நன்றாகப் பேசுபவர்கள் இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களின் வாக்கியங்கள் அச்சிலும் நன்றாக நிற்பதால் கண்டறிதல் பகுதி முழுவதையும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். எழுதி முடித்தபின் எந்தப் பங்கேற்பாளர் எத்தனை முறை மேற்கோளாக வந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் இது உடனே தெரியும். ஒருமுறைகூட வராதவர்களின் எழுத்துப்படியை மறுபடி எடுத்து வாசிக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பேசியவர் கருப்பொருளுக்கு வெளியே நிற்கிறாரா, அவர் பேச்சைக் குறியிடும்போதே கவனிக்கவில்லையா என்பது அப்போது விளங்கும்.

எண் கொடுத்துப் பெயரை மறைத்தால் அடையாளம் மறைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு சிறு ஊரின் சுகாதார நிலையத்தில் நடந்த ஆய்வு என்று முறையியலில் எழுதி, கண்டறிதலில் சாரத்திலிருந்து இறக்கப்பட்ட கட்டடத் தொழிலாளி என்றும் எழுதினால், அந்த ஊர் மேஸ்திரிக்கு ஆள் தெரிந்துவிடும். மாத்திரையை மறைத்தவரைப் பற்றிய ஆய்வே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊரைப் பொதுவாகச் சொல்வதோ, தொழிலை 'தினக்கூலி வேலை' என்று விரிப்பதோ, ஒரே நபரின் இரண்டு அடையாளமான மேற்கோள்களை அடுத்தடுத்து வைக்காமல் இருப்பதோ இதைத் தவிர்க்கும்.

கண்டறிதல் பகுதிக்கு முன்னால் வரும் முறையியலில், எழுத்துப்படியை யார் எழுதினார், எந்த மொழியில் குறியிடப்பட்டது, எத்தனை பேர் குறியிட்டார்கள், கருப்பொருள்கள் எப்படித் திருத்தப்பட்டன, நேர்காணல் செய்தவர் யார் என்ற விவரங்கள் வர வேண்டும். சுகாதார நிலைய ஊழியரே கேள்வி கேட்டிருந்தால் மாத்திரையை விட்டதை ஒப்புக்கொள்ளப் பலர் தயங்கியிருப்பார்கள். அதை அறியாமல் வாசகரால் முடிவை எடைபோட முடியாது. நேர்காணல் ஆய்வுகளுக்காக 2007இல் அலிசன் டாங்கும் உடன் ஆய்வாளர்களும் தந்த 32 இனங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் இத்தகைய விவரங்களைக் கேட்கிறது. பல மருத்துவ ஆய்விதழ்கள் கட்டுரையோடு அதையும் நிரப்பித் தரச் சொல்கின்றன. குறியீட்டு ஏட்டின் பழைய வடிவங்களும், கருப்பொருளின் பெயர் மாறியபோது எழுதிய குறிப்புகளும் தேதியோடு பாதுகாக்கப்பட்டிருந்தால், 'கூலி தருபவர் பார்க்கும் மாத்திரை' எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்கும்போது ப7இன் எட்டாம் வரியையும் ப9இன் பதிலையும் எடுத்துக் காட்ட முடியும்.